புதிய பேண்டுக்கு எது முதலில்: த்ராஷின் வலது கையா, டெத் மெட்டலின் பிளாஸ்ட்டும் க்ரௌலுமா?

ஒரு புதிய மெட்டல் பேண்ட் ஒத்திகை அறைக்குள் நுழைந்ததும் வரும் முதல் வாக்குவாதம் இதுதான்: த்ராஷ் வாசிப்பதா, டெத் மெட்டல் வாசிப்பதா? யாருக்கு எந்த பேண்ட் பிடிக்கும் என்பதை வைத்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பாட்டுகூடச் சுத்தமாக வரவில்லை என்று பிரிந்தும் போகிறார்கள். ரசனையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வேறொரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்: உங்கள் நால்வரில் வேகத்தை யாருடைய உடம்பு சுமக்கப் போகிறது?

இரண்டு பாணிக்கும் வேகம் பொது, கனமும் பொது. ஆனால் சுமை விழும் இடம் வேறு. த்ராஷில் அது கிட்டாரிஸ்ட்டின் வலது மணிக்கட்டில் விழுகிறது. டெத் மெட்டலில் பிளாஸ்ட் என்ற அதிவேக டிரம் அடியால் டிரம்மரின் இடது கையிலும் வலது காலிலும், அப்புறம் க்ரௌல் என்ற உறுமல் குரலால் பாடகரின் தொண்டையிலும் விழுகிறது. (வலது கைப் பழக்கம் உள்ளவர்களை வைத்துச் சொல்கிறேன். இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.) அந்தச் சுமையைத் தாங்கக்கூடிய ஆள் உங்களிடம் இருக்கிறாரா என்பதுதான் முதல் வருஷத்தைத் தீர்மானிக்கும்.

த்ராஷ்: எல்லாம் மணிக்கட்டில்

த்ராஷ் 1980களின் முதல் பாதியில் உருவானது. சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் மெட்டாலிக்காவும் எக்ஸோடஸும், லாஸ் ஏஞ்சலஸில் ஸ்லேயரும் மெகாடெத்தும், நியூயார்க்கில் ஆந்த்ராக்ஸும், ஜெர்மனியில் கிரியேட்டர், சோடம், டிஸ்ட்ரக்ஷனும் அதை வளர்த்தார்கள். இவர்கள் எல்லாரையும் இணைப்பது பாம் மியூட். பிக் பிடித்த கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தைத் தந்திகள் பிரிட்ஜைத் தொடும் இடத்தில் லேசாக வைத்துக்கொண்டு அடிப்பது. தந்தி முழுதாக முழங்காமல் ‘ஜக்’ என்று கட்டையாக வந்து உடனே அடங்கும். அந்த அடக்கம்தான் த்ராஷின் உயிர். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு சின்ன மௌனம் கிடைக்கிறது. கையைத் தூக்கி ஒரு கார்டைத் திறந்து அடித்தால் அந்த மௌனங்களுக்கு நடுவில் அது வெடிக்கிறது.

கை வைக்கும் இடம் சில மில்லிமீட்டர் மாறினாலும் ஒலி மாறிவிடும். பிரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டால் தந்தி அடங்காது. கழுத்துப் பக்கம் நகர்ந்துவிட்டால் சுருதியே கேட்காமல் ‘டொக்’ என்று செத்துப்போகும். களைப்பு வரும்போது கை பெரும்பாலும் கழுத்துப் பக்கம்தான் நகரும். அதனால் ஒரு பாட்டின் கடைசி நிமிடத்தில் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு, மங்கிக் கேட்டால் ஆம்பைக் குறை சொல்லாதீர்கள், கையைப் பாருங்கள். ஃப்ளாய்ட் ரோஸ் போல மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டார் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. கையை அழுத்தி வைத்தால் பிரிட்ஜே அசைந்து சுருதி ஏறிவிடும். இரண்டு கிட்டார்களும் ட்யூனரில் சரியாக இருந்தும் சேர்ந்து வாசிக்கும்போது பிசகுகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

அடுத்தது வேகம். த்ராஷில் வேகமான ரிஃப்களைப் பலர் மேலிருந்து கீழாக மட்டுமே அடிக்கிறார்கள். இதற்குப் பெயர் டவுன்பிக்கிங். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் பெயர் இதோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் 1986-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தின் அதே பெயருள்ள பாட்டு. அதன் முக்கிய ரிஃப் சுமார் 210 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 210 பீட். ஒரு பீட்டுக்கு இரண்டு அடி என்றால் நிமிடத்துக்கு 420, அதாவது விநாடிக்கு ஏழு கீழ் அடி. மேலும் கீழுமாக மாற்றி அடித்தால் வேலை பாதியாகிவிடுமே, ஏன் இந்தப் பிடிவாதம்? கேட்டுப் பார்த்தால் புரியும். கீழ் அடிக்கும் மேல் அடிக்கும் பலமும் கோணமும் வேறு, அதனால் மாற்றி அடிக்கும்போது ஒன்றுவிட்டு ஒன்று மென்மையாகும். கீழ் அடி மட்டும் என்றால் எல்லா அடியும் ஒரே எடையில் விழும்.

இது மணிக்கட்டின் வேலை, முழங்கையின் வேலை அல்ல. முன்கையில் முழங்கைக்குப் பக்கத்தில் எரிய ஆரம்பித்தால் கை இறுகிவிட்டது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்த வேண்டும். 140 பிபிஎம்மில் தொடங்கி அரை நிமிடம் அடிப்பது, அரை நிமிடம் கையை உதறி ஓய்வெடுப்பது என்று போனால் வேகம் தானாக ஏறும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன் உள்ள பிக் நல்லது. மெல்லிய பிக் தந்தியில் வளைந்து, திரும்பிவர நேரம் எடுத்துக்கொள்ளும்.

ஆம்பில் எல்லாரும் செய்வது கெயினைக் கூட்டிவைப்பது. அறையில் தனியாக வாசிக்கும்போது அது சுகமாக இருக்கும். ஆனால் கெயின் ஏற ஏற, மியூட் செய்த அடிகளுக்கு நடுவில் இருந்த மௌனம் நிரம்பிவிடும். இரண்டாவது கிட்டார் சேர்ந்ததும் எல்லாம் கலங்கிப்போகும். கெயினைக் குறைத்து, டிஸ்டார்ஷனுக்கு முன்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடலை வைத்து, அதன் டிரைவைப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் லெவலை மேலேயும் வைத்தால் அடித்தொனியின் தொளதொளப்பு போய் மியூட் இறுகும். இது பழைய வழி, இன்றும் இதுதான் பலன் தருகிறது.

த்ராஷின் கடினம் இன்னொரு இடத்திலும் இருக்கிறது. அது எதையும் மறைக்காது. இரண்டு கிட்டாரிஸ்ட்டுகளில் ஒருவர் கொஞ்சம் முந்தினாலும் அந்த மௌனங்கள் வழியாக எல்லாருக்கும் கேட்டுவிடும். கிட்டார் பலவீனமான பேண்ட் த்ராஷ் வாசித்தால் டிரம்மர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் காப்பாற்ற முடியாது.

டெத் மெட்டல்: சுமை பின்னால் நகர்கிறது

டெத் மெட்டல் த்ராஷிலிருந்துதான் பிறந்தது. பே ஏரியாவின் பொசஸ்ட் 1985-இல் வெளியிட்ட ‘செவன் சர்ச்சஸ்’ ஆல்பத்தைக் கேட்டால் ஒரு கால் அங்கேயும் ஒரு கால் இங்கேயும் இருப்பது தெரியும். 1987-இல் சக் ஷுல்டினரின் டெத், 1989-இல் மார்பிட் ஏஞ்சல் என்று ஃப்ளோரிடாவில் அது தனி உருவம் எடுத்தது. தம்பாவில் இருந்த மாரிசவுண்ட் ஸ்டுடியோவும் அங்கே வேலை பார்த்த ஸ்காட் பர்ன்ஸும் அந்த ஒலிக்கு முகம் கொடுத்தார்கள்.

பிளாஸ்ட் பீட்டை ஸ்லேயர் மாதிரியான பேண்டுகள் வாசித்த வேகமான த்ராஷ் பீட்டோடு வைத்துப் பார்த்தால் அது என்னவென்று தெளிவாகும். அந்த த்ராஷ் பீட்டை ஸ்காங்க் பீட் என்பார்கள். 200 பிபிஎம்மில் ஒவ்வொரு பீட்டிலும் கிக், இரண்டு பீட்டுக்கு நடுவில் ஸ்னேர், வலது கை ஹை-ஹாட்டில் பீட்டுக்கு இரண்டு. ஆக நிமிடத்துக்கு ஸ்னேர் 200, கிக் 200, ஹை-ஹாட் 400. இதே வேகத்தில் பாரம்பரிய பிளாஸ்ட்டுக்குப் போனால் வலது கை அப்படியே 400-இல் இருக்கும். கிக் அதோடு சேர்ந்து 400 ஆகும். ஸ்னேர் அந்த 400 அடிகளின் இடைவெளிகளில் விழுந்து அதுவும் 400 ஆகும்.

அதாவது வலது கைக்கு எந்த மாற்றமும் இல்லை. இடது கையும் வலது காலும் இரட்டிப்பாகின்றன. பிளாஸ்ட் கற்க முடியாமல் தவிக்கும் டிரம்மர்கள் பலருக்கு இது யாரும் எடுத்துச்சொல்லாத விஷயம். வலது கையையே பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள், தோற்பது இடது கையில். ராக் வாசித்துப் பழகியவரின் இடது கை பல வருஷமாக பாருக்கு இரண்டு ஸ்னேர் மட்டும் அடித்திருக்கும். அதை விநாடிக்குக் கிட்டத்தட்ட ஆறேமுக்கால் முறை அடிக்கச் சொல்கிறோம்.

பிளாஸ்ட் பீட் என்ற பெயரைப் பரப்பியவர் இங்கிலாந்தின் நேபாம் டெத் டிரம்மர் மிக் ஹாரிஸ். அந்த பேண்டின் ‘ஸ்கம்’ 1987-இல் வந்தது, அது கிரைண்ட்கோர் என்ற இன்னொரு அதிவேக பாணி. டெத் மெட்டலுக்குள் பிளாஸ்ட்டை ஊன்றியவர்களில் முக்கியமானவர் மார்பிட் ஏஞ்சலின் பீட் சாண்டோவல். அவரும் டெரரைசர் என்ற கிரைண்ட்கோர் பேண்டிலிருந்து வந்தவர்தான். அப்புறம் நியூயார்க்கின் சஃபோகேஷன் போன்றவர்கள் அதைக் கனமான, உடைந்து உடைந்து வரும் ரிஃப்களோடு சேர்த்தார்கள். பின்னாளில் ஸ்னேரும் சிம்பலும் ஒரே நேரத்தில் விழும் ஹாமர் பிளாஸ்ட், அதன் அடியில் டபுள் பேஸ் ஓடும் வகை என்று பல கிளைகள் வந்தன. முதல் வருஷத்துக்கு பாரம்பரிய பிளாஸ்ட் மட்டும் போதும் என்பது என் கருத்து. ஹாமரில் இரண்டு கையும் ஒன்றாக விழுவதால் பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் ஒரு கை கொஞ்சம் பிந்தினாலும் ஒரு அடி இரண்டாகப் பிளந்து கேட்கும்.

பிளாஸ்ட் சரியாக வருகிறதா என்று டிரம்மருக்கே தெரியாது. வாசிக்கும்போது உடம்பு முழுக்க இயங்கிக்கொண்டிருப்பதால் எல்லாம் பலமாகவே தோன்றும். போனை அறையின் எதிர்மூலையில் வைத்துப் பதிவுசெய்து கேளுங்கள். சிம்பல் மட்டும் இரைச்சலாகக் கேட்டு, ஸ்னேர் தட்டுவது போல ஒலித்தால் இடது கை பலம் போய்விட்டது. கிக் கேட்கவே இல்லை என்றால் கால் பெடலைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேகத்தைக் குறைப்பதுதான். 140-இல் ஸ்னேர் முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் விழுந்தால் அது 200-இல் தடுமாறும் பிளாஸ்ட்டைவிட ஆயிரம் மடங்கு பயங்கரமாக இருக்கும்.

ஒரே ரிஃப், இரண்டு வழி

ஒரு ரிஃப்பை எடுத்து இரண்டு பாணியிலும் வாசித்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும். 200 பிபிஎம், ஒரு பார், எட்டு அடி. முதல் ஆறு அடி ஆறாவது தந்தியின் திறந்த ஈ, பாம் மியூட்டோடு. ஏழாவது அடியில் எஃப் பவர் கார்ட், எட்டாவதில் பி ஃபிளாட், இரண்டும் கை தூக்கித் திறந்து.

ஸ்காங்க் பீட்டோடு வாசித்தால் அந்த எட்டாவது அடி ஸ்னேரோடு சேர்ந்து விழுகிறது. ஆறு மியூட் அடிகள் தரையைப் போடுகின்றன, ஏழும் எட்டும் அதன் மேல் எழுந்து நிற்கின்றன. நான்கு முறை வாசித்தால் ஒரு பாட்டின் தொடக்கம் தயார்.

இப்போது டிரம்மரை மட்டும் பிளாஸ்ட்டுக்கு மாறச் சொல்லுங்கள், கிட்டார் அப்படியே இருக்கட்டும். ரிஃப் காணாமல் போய்விடும். ஒவ்வொரு மியூட் அடியின் மேலும் ஒரு கிக் விழுகிறது, இரண்டு மியூட் அடிக்கு நடுவில் இருந்த மௌனத்தில் ஸ்னேர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. திறந்து அடித்த கார்டுகள் மட்டும் தலைகாட்டி மறைகின்றன. த்ராஷ் ரிஃப்பின் அடியில் பிளாஸ்ட்டைச் செருகிப் பார்த்து ‘ஏதோ சரியில்லை’ என்று விழிக்கும் பேண்டுகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆளாளுக்குச் சரியாகத்தான் வாசிக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, இதை டெத் மெட்டலாக்க என்ன செய்ய வேண்டும்? கையைத் தூக்கி மியூட்டை விடுங்கள். ஒவ்வொரு சுருதியையும் மேலும் கீழுமாக, பீட்டுக்கு நான்கு அடி என்று ட்ரெமொலோவாக அடியுங்கள். ஒரு பாரில் அடங்கிய ரிஃப்பை நான்கு பாராக நீட்டுங்கள்: இரண்டு பார் ஈ, ஒரு பார் எஃப், ஒரு பார் பி ஃபிளாட். டிரம்ஸ் வேகமாக இருப்பதால் கிட்டாரின் சுருதி மாற்றம் மெதுவாக வேண்டும். பிளாஸ்ட்டின் மேல் கிட்டார் அகலமான ஒரு சுவர் மாதிரி நிற்கிறது, மெலடி அதன் மேல் நிதானமாக நகர்கிறது. கடைசியாக எல்லாத் தந்தியையும் ஒரு முழுச் சுரம் இறக்கி டி ட்யூனிங்குக்குக் கொண்டுபோனால் நிறமும் வந்துவிடும். அப்போது தந்தி தளரும் என்பதால் ஒரு அளவு தடிமனான செட் போட வேண்டும். இல்லாவிட்டால் ஓங்கி அடிக்கும்போது ஒவ்வொரு சுரமும் தொடங்கும் கணத்தில் சுருதி ஏறி இறங்கும்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. த்ராஷ் வடிவத்தில் மணிக்கட்டு நிமிடத்துக்கு 400 முறை கீழே போய் 400 முறை மேலே திரும்புகிறது, மேலே வரும்போது தந்தியைத் தொடுவதில்லை. ட்ரெமொலோவில் நிமிடத்துக்கு 800 அடி, ஆனால் அது 400 கீழ், 400 மேல். மணிக்கட்டின் போக்குவரத்து இரண்டிலும் ஒன்றே! திரும்பி வரும் வழியிலும் தந்தியைத் தொடுகிறோம், அதுதான் வித்தியாசம். டவுன்பிக்கிங்கில் உழைத்த கை டெத் மெட்டலுக்குப் பாதி வழி போய்விட்டது. பிக்கின் நுனியை இன்னும் கொஞ்சம் மேலோட்டமாகப் பிடித்து, பலத்தைக் குறைக்கப் பழகினால் போதும். எதிர்த்திசையில் இந்த உதவி கிடைப்பதில்லை. ட்ரெமொலோவில் மட்டும் பழகிய கை டவுன்பிக்கிங்குக்கு வரும்போது பலம் போதாமல் திணறும்.

நிகழ்ச்சி நடக்கும் இடமும் இதில் சேர்த்தி. 200 பிபிஎம் பிளாஸ்ட்டில் டிரம் அடிகளுக்கு இடையே 0.075 விநாடிதான் இருக்கிறது. ஸ்காங்க் பீட்டில் ஒரு ஸ்னேருக்கும் அடுத்த ஸ்னேருக்கும் 0.3 விநாடி. எதிரொலிக்கும் கல்யாண மண்டபம், கல்லூரி அரங்கம் மாதிரியான இடங்களில் முதல் அடியின் எதிரொலி அடங்குவதற்குள் பல பிளாஸ்ட் அடிகள் விழுந்துவிடும், எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகிவிடும். டெத் மெட்டல் ஆல்பங்களில் கிக் டிரம் ‘டிக் டிக்’ என்று டைப்ரைட்டர் போலக் கேட்பதற்குக் காரணமும் இதை ஒட்டியதுதான். கீழ் ட்யூனிங் கிட்டாரும் பேஸும் அடித்தொனி முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. கிக் கேட்க வேண்டுமென்றால் அதன் மேல்தொனியைத் தூக்கியாக வேண்டும். ஸ்டுடியோவில் இதெல்லாம் முடியும், இரண்டு மைக் மட்டும் உள்ள மேடையில் முடியாது.

தொண்டை

த்ராஷ் பாடகர்கள் பெரும்பாலும் கத்துகிறார்கள், ஆனால் அது பேச்சுக்குரலின் நீட்சி. வார்த்தை கேட்கும். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுபவர்கள் த்ராஷில் நிறைய. ஹெட்ஃபீல்ட், மெகாடெத்தின் டேவ் மஸ்டேன், கிரியேட்டரின் மில்லே பெட்ரோட்ஸா எல்லாரும் அப்படித்தான்.

க்ரௌல் வேறு இயந்திரம். குரல் நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் இருக்கின்றன, அவற்றைப் பொய்க் குரல் நாண்கள் என்பார்கள். சாதாரணப் பேச்சில் அவை ஒதுங்கியிருக்கும். க்ரௌலில் அவை நெருங்கி வந்து, மெதுவாக, ஒழுங்கில்லாமல் அதிர்கின்றன. அந்த உறுமல் அங்கிருந்து வருகிறது. புதியவர்கள் நினைப்பதற்கு நேர்மாறாக, இதற்குப் பலமான காற்று வேண்டாம். நிதானமான, விடாத, அளவான காற்று போதும். சத்தத்தைக் கூட்டுவது மைக்கின் வேலை. நல்ல க்ரௌல் பாடகரை மைக் இல்லாமல் பக்கத்தில் நின்று கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும்.

கற்கும்போது பெருமூச்சு விடுவது போலக் காற்றை விட்டு, அதில் லேசான கரகரப்பைச் சேர்த்து, பேசும் சத்தத்திலேயே தொடங்க வேண்டும். முதல் சில வாரம் தினமும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அபாயத்தின் அடையாளங்கள் தெளிவானவை: வலி, அரிப்பு, பாடும்போது வரும் இருமல், மறுநாள் காலையில் பேச்சுக்குரல் கம்மிப்போவது. களைப்பு வயிற்றிலும் விலாவிலும் இருக்கலாம், தொண்டையில் இருக்கக் கூடாது. குரல் கம்மியது இரண்டு மூன்று வாரம் ஆகியும் தெளியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கை இறுகினால் ஓய்வில் சரியாகும், குரல் நாணில் முடிச்சு விழுந்தால் மீள்வதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

மேடையில் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பலருக்கு ஸ்டைல். பொத்தினால் மைக் எல்லாப் பக்க ஒலியையும் எடுக்கத் தொடங்கும், மானிட்டரிலிருந்து ஊளை கிளம்பும், வார்த்தை இன்னும் மங்கும். க்ரௌலில் உயிரெழுத்துகள் ஏற்கெனவே ஒன்றுபோலத்தான் கேட்கும். வார்த்தையைக் காட்டிக்கொடுப்பது மெய்யெழுத்துகளின் அடி மட்டுமே, அதையும் கையால் மூடிவிடக் கூடாது. சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா, வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருதச் சுலோகங்களையும் இந்தக் குரலில் பாடிவருகிறது. சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கும் பாடல்களுக்கும் க்ரௌலில் இடம் உண்டு என்பதற்கு அதுவே போதும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

இதை ‘த்ராஷ் மொத்தமாக’, ‘டெத் மெட்டல் மொத்தமாக’ என்று இரண்டு மூட்டைகளாகப் பார்க்க வேண்டியதில்லை. க்ரௌலும் பிளாஸ்ட்டும் பிரிக்க முடியாத ஜோடி அல்ல. ஃப்ளோரிடாவின் ஒபிச்சுவரி 1989-இல் வெளியிட்ட ‘ஸ்லோலி வி ராட்’ ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். டெத் மெட்டல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் அதன் கனம் நடுத்தர, மெதுவான வேகங்களிலிருந்தும் ஜான் டார்டியின் குரலிலிருந்தும் வருகிறது. பிளாஸ்ட்டை நம்பி அது நிற்கவில்லை. மறுபக்கம் பிரேசிலின் செபுல்டுரா அதே 1989-இல் வெளியிட்ட ‘பினீத் த ரிமெய்ன்ஸ்’ ஆல்பத்தை ஸ்காட் பர்ன்ஸோடு பதிவுசெய்தது. ரிஃப்களும் டிரம்ஸும் த்ராஷ், குரலிலும் ஒலியிலும் டெத் மெட்டலின் நிழல். நடுவில் இவ்வளவு இடம் இருக்கிறது.

ஆகவே பேண்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள். கிட்டாரிஸ்ட் 180 பிபிஎம்மில், பீட்டுக்கு இரண்டு கீழ் அடி என்று, மியூட் மங்காமல் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். டிரம்மர் இடது கையால் மட்டும் ஸ்னேரில் அதே வேகத்தில், அதே ஒரு நிமிடம், பலம் குறையாமல் அடிக்க வேண்டும். பாடகர் பேசும் சத்தத்தில் ஒரு நிமிடம் விட்டுவிட்டு க்ரௌல் செய்துவிட்டு, உடனே சாதாரணக் குரலில் நான்கு வரி பாட வேண்டும். அந்த நான்கு வரி தெளிவாக வந்தால் தொண்டை சரியான பாதையில் இருக்கிறது.

கிட்டார் தேறி டிரம்ஸ் தேறாவிட்டால் யோசிக்க எதுவும் இல்லை, த்ராஷ். டிரம்மரின் இடது கை அந்த வருஷத்தில் வளரட்டும், ஸ்காங்க் பீட்டில் அவருடைய வலது கைக்குப் பிளாஸ்ட்டுக்கான வேலை முடிந்துவிடும். கிட்டாரும் குரலும் தேறினால் ஒபிச்சுவரியின் வழியில் போகலாம்: க்ரௌல், மெதுவான ரிஃப், நடுநடுவே ஸ்காங்க். டிரம்மர் தேறி, கிட்டாரில் இருவருக்கும் கை இறுகுகிறது என்றால் மட்டும் நேராக டெத் மெட்டலுக்குப் போகலாம். ட்ரெமொலோ அவர்களை முதல் சில பாட்டுகளுக்குக் காப்பாற்றும். ஆனால் அப்போதும் மியூட் ரிஃப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. சஃபோகேஷன் வகைப் பாட்டுகளுக்குப் போகும் நாளில் பிளாஸ்ட் திடீரென நின்று, பாம் மியூட் ரிஃப் மட்டும் தனியாக நிற்க வேண்டிவரும். அங்கே ட்ரெமொலோ உதவாது.

மூவரும் தேறிவிட்டால்? அப்போதும் முதல் ஆறு மாதம் த்ராஷ் என்றுதான் சொல்வேன். பிளாஸ்ட்டின் அடியில் இரண்டு கிட்டாரும் ஒருவரையொருவர் கேட்காமலே வாசித்துவிட முடியும், யாருக்கும் தெரியாது. த்ராஷில் அது முடியாது. ட்யூனிங்கையும் அதுவரை ஈ-யிலேயே வைத்திருங்கள். கீழே இறக்குவதற்கு ஒரு தந்தி செட்டும் அரை நாளும் போதும், அதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.